‘வேண்டாம்’ என்று பதில் வந்தால்

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கும் ஒரு சிறிய கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கடையில் வேலை செய்வது மூன்று பேர்தான். ஆனால் வாடிக்கையாளர்கள் சென்னை, சிங்கப்பூர், டொராண்டோ, நியூ ஜெர்சி என்று பல ஊர்களில் இருக்கிறார்கள். வாங்கியவர்களிடம் கேட்டுச் சேர்த்த மெயில் முகவரிகள் 1,800-ஐத் தாண்டிவிட்டன. பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, புதுவரவுச் சேலைகளின் படங்களோடு அத்தனை பேருக்கும் ஒரு மெயில் போகிறது.

மாலைக்குள் முப்பது பதில்கள் வந்துவிட்டன. பத்துப் பேர் விலை கேட்கிறார்கள். சிலர் விடுமுறையில் இருப்பதாக அவர்களுடைய மெயில் பெட்டியே பதில் அனுப்பியிருக்கிறது. இவற்றுக்கு நடுவே ஏழெட்டுப் பேர் இந்த மெயில் இனி வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர் Unsubscribe என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டார். இன்னொருவர் “Please remove me” என்கிறார். ஒரு பெரியவர், “தம்பி, இனிமே அனுப்ப வேணாம்பா, நான் கம்ப்யூட்டர் பாக்குறதே இல்ல” என்று எழுதியிருக்கிறார். ஒரு மெயிலில் உள்ளே எதுவுமே இல்லை.

அனுப்பிய மெயிலின் அடியில் அன்சப்ஸ்கிரைப் இணைப்பு இருக்கத்தான் செய்கிறது. அதைத் தொட்டிருந்தால் முகவரி தானாகவே பட்டியலிலிருந்து நீங்கியிருக்கும். இவர்கள் அதை விட்டுவிட்டுச் சாதாரணமாகப் பதில் எழுதிவிட்டார்கள். பதிலைப் படித்துப் புரிந்துகொள்ளும் வேலையை மெயில் அனுப்பும் மென்பொருள் பெரும்பாலும் செய்வதில்லை. எனவே யாராவது ஒரு ஆள் உட்கார்ந்துதான் இவற்றைக் கவனிக்க வேண்டும். இங்கேதான் சிறிய கடைகள் தடுமாறுகின்றன.

இணைப்பைத் தொடாமல் ஏன் பதில் எழுதுகிறார்கள் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. பல மெயில்களில் அந்த இணைப்பு சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருக்கும். செல்போனில் வாசிக்கும் அறுபது வயதுக்காரருக்கு அது கண்ணில் படாது. இன்னொரு காரணம் கடைக்காரர்கள் பலருக்குத் தெரியாதது. மெயிலின் எழுத்தும் வடிவமைப்புக் குறியீடும் சேர்ந்து ஏறத்தாழ 102 கேபியைத் தாண்டினால், ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். முழுவதையும் பார்க்க வேண்டுமானால் இன்னொரு இடத்தில் தொட வேண்டும். நாற்பது சேலைகளை விவரத்தோடு அடுக்கிய மெயிலில் முதலில் மறைவது கடைசி வரிதான். நீங்கும் வழி இருப்பதும் அந்தக் கடைசி வரியில்தான். இவை போக, தெரியாத மெயிலில் எந்த இணைப்பையும் தொடாதீர்கள் என்று வங்கிகளும் காவல்துறையும் வருடக்கணக்காகச் சொல்லிவருகின்றன. அந்த அறிவுரையை மதிப்பவர்கள்தான் பதில் எழுதி நிறுத்தச் சொல்கிறார்கள்.

உள்ளே எதுவும் இல்லாத அந்த மெயிலை எவரும் கையால் எழுதவில்லை. ஐபோனின் மெயில் செயலி, இத்தகைய மெயில்களின் தலையில் Unsubscribe என்று ஒரு பட்டை காட்டும். பயனர் அதைத் தொட்டதும் அவர் பெயரில் ஒரு மெயிலைச் செயலியே எழுதி அனுப்பிவிடும். எந்த முகவரிக்கு அனுப்புவது, தலைப்பில் என்ன எழுதுவது என்ற விவரங்கள் நாம் அனுப்பிய மெயிலின் மறைவான தலைப்பகுதியில் இருக்கின்றன. இந்த ஏற்பாடு 1998-லேயே வரையறுக்கப்பட்டது. அந்த வரி இப்படி இருக்கும்:

```
List-Unsubscribe: <mailto:stop@example.com?subject=unsubscribe>
```

மெயில் அனுப்பும் சேவை நிறுவனத்தின் வழியாக அனுப்பினால், பொதுவாக இந்த வரியில் அந்த நிறுவனத்தின் முகவரி இருக்கும், அவர்களே கவனித்துக்கொள்வார்கள். கடையின் சொந்த சர்வரிலிருந்து அனுப்பினால், அந்தக் காலி மெயில்கள் கடையின் பெட்டிக்குத்தான் வரும். சில சமயம் தலைப்பில் நீளமான எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு குறி மட்டும் இருக்கும். ஏதோ குப்பை என்று அதை அழித்துவிடுகிறார்கள். அதை அனுப்பியவரோ பொத்தானைத் தொட்டுவிட்டோம், விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பார். அடுத்த மாதம் மறுபடி மெயில் வந்தால் அவருக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

பதில் மெயிலில் நிறுத்தச் சொன்னால் அது முறையான கோரிக்கை ஆகாது, கீழே உள்ள இணைப்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சில கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு கேன்-ஸ்பாம் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நீங்க விரும்புபவர் ஒரு பதில் மெயில் அனுப்ப வேண்டும், அல்லது ஒரே ஒரு வலைப்பக்கத்துக்குப் போக வேண்டும்; அதற்கு மேல் எதையும் அவரிடம் கேட்கக் கூடாது என்பது அந்நாட்டு விதி. கட்டணம் கேட்பதும், மெயில் முகவரியைத் தாண்டி வேறு விவரங்களைக் கேட்பதும் தவறு. வந்த கோரிக்கையை 10 வேலை நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். சிங்கப்பூரின் ஸ்பாம் கட்டுப்பாட்டுச் சட்டமும் கனடாவின் சட்டமும் அதே 10 வேலை நாட்களைத்தான் வெளி எல்லையாக வைத்திருக்கின்றன. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதாக இருந்ததோ அதே அளவுக்கு அதைத் திரும்பப் பெறுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. பில் போடும்போது “மெயில் ஐடி சொல்லுங்க” என்று ஒரு வார்த்தையில் வாங்கிய சம்மதம், ஒரு வார்த்தையிலேயே திரும்பப் போக வேண்டும்.

எனவே, “கீழே உள்ள இணைப்பைத் தொட்டு நீங்கிக்கொள்ளுங்கள்” என்று திருப்பி எழுதும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. கேட்டவர் கேட்டு முடித்துவிட்டார். பட்டியல் நம் கையில் இருக்கிறது. அதிலிருந்து எடுப்பது நம் வேலை.

சட்டத்துக்கும் முன்னால் வந்து கடிக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. பதில் எழுதியும் நிற்கவில்லை என்றால், அடுத்த முறை அந்த வாடிக்கையாளர் Report spam என்ற பொத்தானைத்தான் தொடுவார். தனக்கு மெயில் அனுப்புகிற எல்லோரும் ஸ்பாம் புகார் விகிதத்தை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று ஜிமெயில் கேட்கிறது. அதாவது ஆயிரத்துக்கு மூன்று. நம் காரைக்குடிக் கடையின் பட்டியலில் ஆயிரம் ஜிமெயில் முகவரிகள் இருந்தால், மூன்று பேரின் எரிச்சல் போதும், கடையின் மெயில்கள் ஸ்பாம் பெட்டிக்குள் விழத் தொடங்கலாம். சேலை கேட்டுக் காத்திருப்பவருக்கு அனுப்பும் பதிலும் அதோடு சேர்ந்து விழலாம். புகார் சொன்னவர் யார் என்பதையும் ஜிமெயில் நமக்குச் சொல்லாது. மொத்த விகிதத்தை மட்டும் காட்டும். அதனால் யாரை நீக்கினால் சரியாகும் என்று கண்டுபிடிக்கவே முடியாது. பதிலில் “வேண்டாம்” என்று எழுதுபவர் பெயரோடும் முகவரியோடும் வந்து சொல்கிறார். அவர் நமக்கு நல்லதுதான் செய்கிறார்.

பதில் வரவே முடியாதபடி noreply முகவரியிலிருந்து அனுப்புவது இந்த நல்ல வழியை அடைத்துவிடுகிறது. எழுதிய பதில் திரும்பி வந்துவிட்டால், மிஞ்சுவது அந்த ஸ்பாம் பொத்தான் மட்டுமே.

சரி, பதில்களை எப்படிப் பிரிப்பது? ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் போட்டு, unsubscribe என்ற சொல் இருக்கிற பதில்களைத் தனியே ஒதுக்கிவிடலாம் என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். அதைப் போட்டுப் பார்த்தால், விலை கேட்ட பத்துப் பேரின் பதில்களும் அந்தக் கூடைக்குள் போயிருக்கும். காரணம் எளியது. பதில் எழுதும்போது நாம் அனுப்பிய மெயில் முழுவதும் அதன் கீழே ஒட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. அதன் கடைசி வரியில் அன்சப்ஸ்கிரைப் என்ற சொல் இருக்கிறது. எனவே எல்லாப் பதில்களிலும் அந்தச் சொல் இருக்கும். நம் மெயிலை மேற்கோளாகச் சுமந்து வரும் விடுமுறைத் தானியங்கிப் பதில்களுக்கும், முகவரி தவறி மூல மெயிலோடு திரும்பி வந்தவற்றுக்கும் இதே கதைதான். இந்த ஃபில்டரை நம்பி, சிக்கிய எல்லோரையும் மொத்தமாக நீக்கினால், வாங்க வந்தவர்களையே வெளியே அனுப்பியதாகிவிடும்.

அப்படியானால் தலைப்பில் மட்டும் தேடலாமே என்று அடுத்து தோன்றும்:

```
to:sales@example.com subject:(unsubscribe OR stop OR remove)
```

இது வேறு பக்கம் ஓட்டை. பதில் பொத்தானைத் தொட்டு எழுதுபவர் தலைப்பை மாற்றுவதில்லை. நாம் வைத்த தலைப்பு முன்னால் Re: சேர்ந்து அப்படியே வரும். வேண்டாம் என்ற சொல் உள்ளேதான் இருக்கும். புது மெயிலாக எழுதியவர்களும், செயலி எழுதிய காலி மெயில்களும் மட்டுமே இந்த ஃபில்டரில் சிக்கும்; மற்றவர்கள் தப்பிவிடுவார்கள். மேலும் நம் ஆட்கள் எழுதும் மொழியை எந்த ஃபில்டரும் முழுதாகப் பிடிக்காது. “அனுப்பாதீங்க”, “போதும்”, `vendam`, `venaam pls`, “நம்பரை எடுத்துடுங்க” என்று வருவதற்கெல்லாம் யார் பட்டியல் போட முடியும்?

இரண்டாயிரம் பேர் பட்டியலுக்கு இயந்திரம் தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து. முப்பது பதில்களின் முதல் இரண்டு வரிகளைப் படிக்க ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஃபில்டரை வைத்துச் செய்ய வேண்டியது வேறு வேலை. இந்த மெயிலுக்கு வந்த பதில்கள் எல்லாவற்றையும், என்ன எழுதியிருந்தாலும் சரி, ஒரே இடத்தில் சேர்ப்பதற்கு அதைப் பயன்படுத்தலாம். ஜிமெயிலில் முகவரியின் முதல் பகுதிக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்தாலும் மெயில் அதே பெட்டிக்கு வந்துவிடும். ஆகவே பதில் வர வேண்டிய முகவரியாக, அதாவது Reply-To என்ற இடத்தில், sales+pongal@example.com என்று கொடுத்துவிடலாம். அந்த முகவரிக்கு வருவனவற்றுக்கு ஒரு லேபிள் ஒட்டும்படி ஃபில்டர் போட்டால், பொங்கல் மெயிலின் பதில்கள் தனிக் கட்டாக நிற்கும். அன்றாட ஆர்டர் மெயில்களோடு கலக்காது.

அந்தக் கட்டைப் படித்து முடித்ததும் ஸ்பாம் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். ஒரே சொல்லில் பதிலும் அதற்குக் கீழே இருபது இணைப்புகளும் கொண்ட மெயிலைப் பார்த்தால் ஜிமெயிலுக்குச் சந்தேகம் வரலாம். ஸ்பாம் பெட்டியில் விழுந்தவை 30 நாட்களில் தானாக அழிந்துவிடும். பிறகு அப்படி ஒரு கோரிக்கை வந்ததே கடைக்குத் தெரியாமல் போய்விடும். அனுப்பியவரிடமோ அனுப்பியதற்கான சாட்சி அவர் மெயிலிலேயே இருக்கும்.

இனி, படித்தாயிற்று, யார் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தாயிற்று. பட்டியலைத் திறந்து அந்த முகவரியைத் தேடினால், சிலருடையது அதில் இருக்காது. இதுதான் இந்த வேலையின் உண்மையான முடிச்சு.

சிங்கப்பூரிலிருந்து “Please remove me” என்று எழுதிய அம்மாவின் கதையைப் பார்ப்போம். பதில் வந்திருப்பது ஒரு ஜிமெயில் முகவரியிலிருந்து. கடையின் பட்டியலில் அப்படி ஒரு முகவரியே இல்லை. கடைப் பையன், “இவங்க நம்ம லிஸ்ட்லயே இல்லக்கா” என்று விட்டுவிடுகிறான். அடுத்த மாதம் அவருக்கு மறுபடியும் மெயில் போகிறது. இந்த முறை கோபமாகப் பதில் வருகிறது. நடந்தது இதுதான்: சில வருடங்களுக்கு முன் சேலை வாங்கியபோது அவர் கொடுத்தது பழைய யாஹூ முகவரி. அதற்கு வருவனவெல்லாம் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும்படி அவர் அமைத்திருக்கிறார். வாசிப்பதும் பதில் எழுதுவதும் ஜிமெயிலில். பட்டியலில் இருப்பதோ யாஹூ.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. மெயில் போவதற்கு முன்பே போட வேண்டிய மருந்து அது. மெயிலின் அடியில், “இந்த மெயில் இன்ன முகவரிக்கு அனுப்பப்பட்டது” என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அனுப்பும் சேவைகள் எல்லாவற்றிலும் இதற்கு ஒரு குறியீடு உண்டு. மெயில்சிம்ப்பில் அது `*|EMAIL|*`. ஒவ்வொருவருக்கும் போகும்போது அந்த இடத்தில் அவரவர் முகவரி வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் பதில் எழுதும்போது மேற்கோளாக ஒட்டி வரும் பகுதியில் அந்த வரியும் திரும்பி வரும். ஃபில்டரைக் குழப்பிய அதே மேற்கோள் இங்கே நமக்கு உதவுகிறது. சிங்கப்பூர் அம்மாவின் பதிலில் கீழே வரை உருட்டிப் பார்த்தால் யாஹூ முகவரி அங்கே இருக்கும். அதையும் நிறுத்த வேண்டும், ஜிமெயிலையும் நிறுத்த வேண்டும்.

ஆனால் மேற்கோளில் இருக்கும் முகவரியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. மெயிலைப் பெற்ற ஒருவர், “இந்தச் சேலை பாருடி” என்று தோழிக்கு அனுப்பியிருக்கலாம். தோழிக்கு அது பிடிக்காமல், எனக்கு அனுப்பாதீர்கள் என்று கடைக்கே எழுதியிருக்கலாம். அப்போது அடியில் இருப்பது அனுப்பிய பெண்ணின் முகவரி. அதை நீக்கினால், விரும்பிப் படித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளரை இழந்துவிடுவோம். தலைப்பில் Fwd: இருக்கிறதா, உள்ளே Forwarded message என்ற கோடு இருக்கிறதா என்று பார்த்தால் இது பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் எழுதியவரின் முகவரியை மட்டும் நிறுத்தப் பட்டியலில் சேர்த்துவிட்டு, நடந்ததை அவருக்கு ஒரு வரியில் விளக்கினால் போதும்.

மேற்கோளே இல்லாமல் பதில் வந்து, முகவரியும் பட்டியலில் இல்லையென்றால், பெயரை வைத்து ஆர்டர் புத்தகத்தில் தேடலாம். அதிலும் கிடைக்காவிட்டால்தான் அவரிடம் கேட்க வேண்டும்: “வணக்கம். நீங்கள் எழுதிய முகவரிக்கு இனி எதுவும் வராதபடி செய்துவிட்டோம். ஆனால் இந்த முகவரி எங்கள் பட்டியலில் இல்லை. வேறு ஏதாவது மெயில் முகவரி எங்களிடம் கொடுத்திருந்தீர்களா? அதைச் சொன்னால் அதையும் நிறுத்திவிடுகிறோம்.” முதலில் முடிந்ததைச் செய்துவிட்டு, பிறகு ஒரே ஒரு கேள்வி. போன் நம்பர், ஆர்டர் எண், அடையாளச் சான்று என்றெல்லாம் கேட்கத் தேவையில்லை. வேறொருவர் பெயரில் யாராவது விளையாட்டுக்கு எழுதியிருந்தால்கூட நடக்கப்போவது ஒரு விளம்பர மெயில் நிற்பது மட்டுமே. அவர் விரும்பினால் மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

ஜிமெயிலின் Bcc-யில் முகவரிகளைப் போட்டு அனுப்பும் கடைகளுக்கு இந்தத் தேடல் இன்னும் கடினம். அங்கே ஒவ்வொருவருக்கும் தனி வரி போட வழியில்லை. ஜிமெயிலின் சாதாரணக் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்பவும் முடியாது. Bcc-க்குப் பதிலாகத் தவறி To-வில் எல்லோரையும் போட்டுவிட்டால் நிலைமை வேறு. 1997-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே இது நடந்தது. சுமார் 13,000 ஊழியர்கள் இருந்த ஒரு பட்டியலுக்கு ஒருவர் எழுத, “என்னை இதிலிருந்து எடுங்கள்” என்று பலரும் எல்லோருக்குமாகப் பதில் போட்டார்கள். அந்தப் பதில்களின் வெள்ளத்தில் அவர்களுடைய மெயில் சர்வர்களே திணறின.

முகவரி கிடைத்த பிறகு என்ன செய்வது? பட்டியலிலிருந்து அந்த வரியை அழித்துவிடுவதுதான் இயல்பாகக் கை போகும் வழி. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். அழித்துவிட்டால், இவர் வேண்டாம் என்று சொன்ன செய்தியும் சேர்ந்து அழிந்துவிடுகிறது. மூன்று மாதம் கழித்து பில்லிங் மென்பொருளிலிருந்து வாடிக்கையாளர் முகவரிகளை எடுத்து மறுபடி ஏற்றுவார்கள். தீபாவளி மெயிலுக்காக ஒரு ஏஜென்சியிடம் பழைய எக்செல் கோப்பைக் கொடுப்பார்கள். ஜனவரியில் நீங்கியவர் அக்டோபரில் திரும்பி வந்துவிடுவார். கடையில் எவரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் மெயில் பெறுபவருக்குச் சொன்னதைக் கேட்காத கடையாகத்தான் தெரியும்.

எனவே முகவரியை அழிக்காமல் ‘நிறுத்தப்பட்டது’ என்று குறிக்க வேண்டும். மெயில் சேவைகளில் ஒருவரை unsubscribed என்று கையாலேயே மாற்ற முடியும். Delete என்பது வேறு பொத்தான். அதோடு கடைக்கென்று சொந்தமாக ஒரு நிறுத்தப் பட்டியல் எக்செலிலோ கூகுள் ஷீட்டிலோ இருக்க வேண்டும். சேவை நிறுவனத்தை மாற்றினாலும் அது கூடவே வரும். அதில் முகவரி, கேட்ட தேதி, நிறுத்திய தேதி, செய்தவர் பெயர் ஆகிய நான்கும் போதும். அனுப்பும் பட்டியலின் பக்கத்து வரிசையில் இந்தச் சூத்திரத்தைப் போட்டு இழுத்துவிடலாம்:

```
=COUNTIF(Stop!A:A,TRIM(A2))
```

Stop என்பது நிறுத்தப் பட்டியல் இருக்கும் ஷீட்டின் பெயர். 0 என்று வந்தால் அனுப்பலாம். 1 அல்லது அதற்கு மேல் வந்தால் அனுப்பக் கூடாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை இந்தச் சூத்திரம் பொருட்படுத்தாது. A2-வில் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்ட இடைவெளியை TRIM நீக்கிவிடும். நிறுத்தப் பட்டியலில் எழுதும்போது இடைவெளி விழாமல் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு குறை மட்டும் இதில் உண்டு. ஜிமெயில் முகவரியின் முதல் பகுதியில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜிமெயிலுக்கு அது ஒரே பெட்டி. எக்செலுக்கு அவை இரண்டு வெவ்வேறு முகவரிகள். நிறுத்திய பிறகும் வருகிறது என்று ஒரு ஜிமெயில்காரர் எழுதினால், முதலில் இந்தப் புள்ளியைத்தான் பார்க்க வேண்டும்.

சிலர் ஒரு படி மேலே போய், “என்னைப் பற்றிய விவரம் எதுவுமே உங்களிடம் இருக்கக் கூடாது” என்று எழுதுவார்கள். இது வெறும் மெயில் நிறுத்தத்தைவிடப் பெரிய கோரிக்கை. பிறந்தநாள், அளவு, பிடித்த நிறம் என்று கடை குறித்துவைத்திருக்கும் எல்லாவற்றையும் நீக்க வேண்டியிருக்கும். அப்போதும் நிறுத்தப் பட்டியலில் முகவரி மட்டும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வழி இல்லை. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் இப்படிப்பட்ட நிறுத்தப் பட்டியல் வைத்திருப்பதையே பரிந்துரைக்கிறது. அதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறோம் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வந்த பதில்களில் ‘நிறுத்து’ என்று நேராகச் சொல்லாதவையும் இருக்கும். “வாரத்துக்கு மூன்று மெயில் ரொம்ப அதிகம்” என்று எழுதுபவர் நீங்கக் கேட்கவில்லை, குறைக்கக் கேட்கிறார். பண்டிகைக்கு மட்டும் அனுப்பட்டுமா என்று அவரிடம் கேட்கலாம். அவர் பதில் சொல்லும்வரை அனுப்பாமல் இருப்பது மரியாதை. முகவரி மாறிவிட்டது என்று எழுதுபவருக்குப் பழையதை நிறுத்திப் புதியதைச் சேர்க்க வேண்டும். கடினமான கடிதம் ஒன்று உண்டு: “இது அம்மாவின் மெயில். அம்மா போன மாதம் தவறிவிட்டார்கள். தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.” மகள் எழுதுகிறார், அதுவும் வேறு முகவரியிலிருந்து. இதற்குச் சான்று எதுவும் கேட்கக் கூடாது. அன்றைக்கே நிறுத்த வேண்டும். மெயிலோடு நிற்காமல், வாட்ஸ்அப் பட்டியலிலும் பிறந்தநாள் வாழ்த்துப் பட்டியலிலும் அந்த அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். தானாகப் போகும் பிறந்தநாள் மெயில் ஒன்று அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், பிறகு எந்த மன்னிப்பும் அதை ஈடுகட்டாது.

நிறுத்திய பிறகு பதில் எழுத வேண்டுமா? ஆள் எழுதிய மெயிலுக்கு எழுதுவது நல்லது. இரண்டு வரி போதும்: “வணக்கம். உங்கள் முகவரிக்கு இனி எங்கள் அறிவிப்பு மெயில்கள் வராது. நீங்கள் ஆர்டர் செய்தால் பில்லும் பார்சல் விவரமும் மட்டும் வரும்.” தள்ளுபடிக் கூப்பன், ஏன் போகிறீர்கள் என்ற கேள்வி, புதுவரவுப் படம் எதுவும் அதில் வேண்டாம், அவை இருந்தால் அதுவே இன்னொரு விளம்பரம். செயலி எழுதிய காலி மெயிலுக்குப் பதிலே தேவையில்லை. அந்த இரண்டாவது வரியைச் சொல்லிவிட்டால் கடையும் அதன்படி நடக்க வேண்டும். மெயிலே போகாதபடி அந்த முகவரியை முழுவதுமாக அடைத்துவிட்டு, பிறகு பார்சல் எண் வரவில்லை என்று வாடிக்கையாளர் போன் செய்யும்படி ஆகிவிடக் கூடாது.

இதையெல்லாம் எப்போது செய்வது என்பதற்குச் சட்டம் சொல்லும் பத்து வேலை நாட்களைக் கணக்கில் வைப்பதைவிட எளிய வழி இருக்கிறது. நிலுவையில் இருக்கும் பதில்களைப் பார்த்து முடிக்காமல் அடுத்த மெயிலை அனுப்பக் கூடாது. நேரம் குறித்து முன்கூட்டியே தயார் செய்துவைத்த மெயில்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல சேவைகளில் unsubscribed என்று குறித்ததும் தயாராக இருக்கும் மெயிலிலிருந்தும் அந்த முகவரி விலகிவிடும், ஆனால் எக்செலிலிருந்து கையால் எடுத்து ஒட்டிய பட்டியலில் விலகாது. கடையை மூடிவிட்டு ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் மொத்த மெயிலை அனுப்புவதையும் தவிர்க்க வேண்டும். பதில்கள் பெரும்பாலும் முதல் ஓரிரு நாட்களில்தான் வரும். அந்த நாட்களில் பெட்டியைப் பார்க்க ஆள் இருக்க வேண்டும்.

நிறுத்தியவர் என்றைக்காவது திரும்பி வந்து சேலை வாங்குவார். வாங்கினார் என்பதற்காக அவர் பெயர் பட்டியலில் மறுபடி ஏறிவிடக் கூடாது. “புதுவரவு பற்றி மெயில் அனுப்பட்டுங்களா?” என்று பில் போடும்போது கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் நிறுத்தப் பட்டியலில் அவர் வரிக்குப் பக்கத்தில் தேதியோடு குறித்துவிட்டு, பிறகு முகவரியைச் சேர்க்கலாம்.